இரண்டு எலும்புகளுக்கு நடுவே

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் நமக்கு இரண்டு எலும்புகள் இருக்கின்றன. ரேடியஸ், அல்னா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அவற்றை இணைத்து நடுவில் ஒரு மெல்லிய ஜவ்வு இழுத்துக் கட்டியிருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் அந்த ஜவ்வு தெரியவே தெரியாது. இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் கறுப்பு இடைவெளி, அவ்வளவுதான். ஃபுளோரைடு மிகுந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தவரின் கையைப் படம் எடுத்தால், அந்தக் கறுப்பு இடைவெளிக்குள் வெள்ளை நிறத்தில் ஏதோ முளைத்து நிற்கும். எலும்பின் உள் ஓரம் வழவழப்பாக இல்லாமல், வேலிக் கருவை முள்போல் கூர்கூராக நீண்டு எதிர் எலும்பை நோக்கிப் போகும். தெரியக்கூடாத ஜவ்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து, அது எலும்பாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எலும்பு ஃபுளோரோசிஸைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான சாட்சி அதிகம் இல்லை. வட்டார மருத்துவமனையில் இருக்கும் சாதாரண எக்ஸ்ரே கருவியே போதும். அப்படியிருந்தும் பல ஆண்டுகள் 'மூட்டு வாதம்' என்று மாத்திரை தின்ற பிறகுதான் பலருக்கு அந்த முன்கைப் படம் எடுக்கப்படுகிறது. எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான்.

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. இவர் தனி ஒருவர் அல்லர், மருத்துவ நூல்கள் விவரிக்கும் பல நோயாளிகளின் வரலாற்றைச் சேர்த்து நான் வரைந்துகொண்ட உருவம். காலையில் எழுந்ததும் முதுகு மரக்கட்டைபோல் இருக்கிறது. அரை மணி நேரம் நடந்தால்தான் கொஞ்சம் இளகுகிறது. இரவில் கால் மரத்துப்போகிறது. பின்னால் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆளே திரும்பி நிற்கிறார்.

மருத்துவர் தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, "முட்டியை மடக்காம குனிஞ்சு எடுங்க பார்க்கலாம்" என்கிறார். பாதி வரை குனிந்தவர், "முடியலைங்க டாக்டரே, இடுப்பு புடிச்சுக்குது" என்று நிமிர்கிறார். அடுத்து, முகவாயை நெஞ்சில் தொடச் சொல்கிறார். அதுவும் ஆகவில்லை. கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பிடரியைத் தொடச் சொன்னால் தோள் பாதியில் நின்றுவிடுகிறது. ஃபுளோரைடு உள்ள ஊர்களில் களப்பணியாளர்கள் செய்யும் மூன்று சோதனைகள் இவை. இவற்றால் மட்டும் நோய் உறுதியாகாது. ஆனால் 'இவருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இவர் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்' என்று இவை சொல்லிவிடும்.

இனி இவருடைய படங்களைப் பார்ப்போம். முதுகெலும்பும் இடுப்பு எலும்பும்தான் முதலில் மாறும். நல்ல எலும்பின் படத்தை உற்றுப் பார்த்தால் உள்ளே வலைப்பின்னல்போல் நுண்ணிய கோடுகள் தெரியும். ஃபுளோரைடு சேரச்சேர அந்தக் கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று கலங்கி, மங்கிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஆகின்றன. முற்றிய நிலையில் முதுகெலும்புக் கட்டைகள் சுண்ணாம்பில் செய்து அடுக்கியவைபோல் வெள்ளை வெளேரென்று நிற்கும், உள்ளமைப்பு எதுவும் தெரியாது. கட்டைகளின் விளிம்பில் அலகுபோல் எலும்பு வளர்ந்து பக்கத்துக் கட்டையைப் போய்த் தொடும். இடுப்புக்கூட்டின் அடியில் உள்ள தசைநார்களும் வெள்ளையாகத் தெரியும். விலா எலும்புகளின் ஓரம் ரம்பப் பல்போல் ஆகும். விலாவும் முதுகெலும்பும் சேரும் மூட்டுகள் இறுகிவிட்டால் நெஞ்சுக்கூடு விரியாது. மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்வது அதனால்தான்.

'எலும்பு கெட்டியாகத்தானே ஆகிறது, அது நல்லதில்லையா?' என்று கேட்கத் தோன்றும். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தது. எலும்புத் தேய்மானம் உள்ள வயதான பெண்களுக்குச் சோடியம் ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 1990-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு கூடியே போனது.

இதற்குக் காரணம் எலும்பு கட்டப்படும் விதத்தில் இருக்கிறது. எலும்பு ஓயாமல் இடித்துக் கட்டப்படும் ஒரு வீடு. கட்டும் வேலையைச் செய்யும் செல்களை ஃபுளோரைடு விரட்டி வேலை வாங்குகிறது. எலும்புப் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. சுவர் தடிமனாக எழும்புகிறது, ஆனால் பூச்சும் இணைப்பும் சரியில்லை. வேலைக்காரர்கள் வீட்டோடு நிற்பதும் இல்லை. தசைநார், ஜவ்வு என்று கட்டக்கூடாத இடத்திலெல்லாம் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். அதில் மிகக் கொடியது தண்டுவடம் ஓடும் குழாயின் உள்சுவர் தடிப்பது. அந்தக் குழாய் குறுகக் குறுகத் தண்டுவடம் நசுங்கி, கால்கள் விறைத்து, நடை தள்ளாடுகிறது. இந்த நிலையில் வழுக்கி விழும் சின்ன விபத்துகூட ஒருவரைப் படுக்கையில் போட்டுவிடும்.

இந்தியாவில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டு எழுதியது சென்னையிலிருந்துதான். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகு வளைந்து, மூட்டு இறுகி முடங்கியவர்களைப் பற்றி 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் எழுதினார்கள். ஷார்ட் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். அதே ஆண்டில் வந்த இன்னொரு கட்டுரையை எழுதியவர்களில் பார்னார்டும் ஒருவர். சென்னை அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் இன்றும் இருக்கும் பார்னார்டு கதிரியல் நிலையம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. கிணற்று நீரைப் பகுத்தாயும் ஆய்வகமும் எலும்பைப் படம் பிடிக்கும் கருவியும் ஒரே ஊரில் இருந்ததால்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு டென்மார்க்கில் கிரையோலைட் என்ற கனிமத்தை அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் இதே எலும்பு மாற்றத்தைக் கண்டிருந்தார்கள். அங்கே தூசியில் வந்தது இங்கே குடிநீரில் வந்தது.

தண்ணீருக்குள் அது எப்படி வருகிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஆந்திரத்தின் நெல்லூர், பிரகாசம், தெலங்கானாவின் நல்கொண்டா ஆகிய பகுதிகளின் அடியில் கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும் இருக்கின்றன. அந்தப் பாறைகளில் உள்ள சில தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தேங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. மழை நீர் சீக்கிரம் வந்து சேரும் ஆழமில்லாத திறந்த கிணறுகளில் பொதுவாகக் குறைவு. பல நூறு அடி ஆழத்து போர்வெல்லில் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. கிணறு வற்ற வற்ற ஆழமாகத் துளை போட்ட ஊர்கள் இந்த ஆபத்தைத் தாங்களே பணம் கட்டி மேலே கொண்டுவந்தன.

இன்னொன்றும் உண்டு, பலர் அறியாதது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாத உப்பாக்கி வீழ்த்திவிடும். கால்சியம் குறைந்து, சோடாச் சத்து மிகுந்த நீரில்தான் ஃபுளோரைடு சுகமாகக் கரைந்து நிற்கும். அதாவது, சோப்பு நன்றாக நுரைத்து, பாத்திரத்தில் வெள்ளைக் கறை படியாமல், 'நல்ல தண்ணி' என்று பெண்கள் குடம் தூக்கி நடந்துபோய் எடுத்துவரும் போர்வெல்லில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கக்கூடும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, இந்த அளவுகளில் ருசியும் இல்லை. நாக்கை நம்பி முடிவு செய்யவே முடியாது.

நம் விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவர் வீட்டு நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் 1.5. வெயிலில் உழுகிறவர் நாளுக்கு 4 லிட்டர் குடிக்கிறார். களி, சோறு, குழம்பு, டீ வழியாக இன்னொரு லிட்டர். ஆக 20 மில்லிகிராம். மொத்த உட்கொள்ளல் நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புக்கு ஆபத்து தொடங்கலாம், 14-ஐ எட்டினால் ஐயமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உள்ளே போனதில் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றும், மீதி எலும்பில் தங்கும். எலும்பு நிரம்ப நிரம்பத் தங்கும் பங்கு குறையும். சராசரியாக நாளுக்கு 2 மில்லிகிராம் மட்டும் தங்கினதாகக் கொண்டாலும் முப்பது ஆண்டில் 22 கிராம் ஆகிறது. ஃபுளோரைடு குறைந்த ஊர்க்காரர் ஒருவரின் உடம்பு முழுக்கச் சேர்த்தாலே இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். தரநிலை ஏட்டில் 1.5 என்பது எல்லோருக்கும் ஒரே எண். ஆனால் நிழலில் உட்கார்ந்து ஒன்றரை லிட்டர் குடிப்பவருக்கும் களத்துமேட்டில் ஐந்து லிட்டர் குடிப்பவருக்கும் அது ஒன்றல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் பாலும் கால்சியமும் கிடைக்காதவருக்கும் இன்னும் குறைந்த அளவே கெடுதல் செய்யும்.

இவரது பல்லையும் பார்க்க வேண்டும். கறைப் பல் இருந்தால் சிறு வயதிலிருந்தே அந்த ஊர் நீரைக் குடித்தவர் என்று தெரியும். ஈறுக்குள்ளே பல் உருவாகும் எட்டு வயது வரையிலான காலத்தில்தான் எனாமலில் அந்தப் பழுப்புக் கோடுகள் விழும், அதன் பிறகு விழாது. ஆகவே இருபது வயதில் நல்ல நீர் உள்ள ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்ணின் பல் கடைசிவரை பளிச்சென்று இருக்கும். எலும்பு மட்டும் உள்ளே மாறிக்கொண்டே போகும். 'பல்லுதான் நல்லா இருக்கே' என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

எக்ஸ்ரேயைப் படிப்பதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. வயதான ஆணின் முதுகெலும்பு வெள்ளையாகத் தெரிந்தால் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதோ என்ற ஐயம் முதலில் வரும், வரவும் வேண்டும். புற்றுநோய் பெரும்பாலும் திட்டுத்திட்டாகத் தெரியும், ஃபுளோரைடு எல்லா எலும்பையும் சீராக வெளுக்கும். முதுகு மூங்கில்போல் இணையும் இன்னொரு வாத நோய் இளம் வயதில் தொடங்கி, இடுப்பின் பின்மூட்டுகளை முதலில் அரிக்கும். இந்த ஐயங்கள் எழும்போதுதான் முன்கைப் படத்தின் அருமை தெரியும், ஏனென்றால் அந்த நோய்களில் ஜவ்வில் இப்படி முள் முளைப்பதில்லை. அதோடு சிறுநீரில் ஃபுளோரைடு அளவும் வீட்டு நீரின் அளவும் சேர்ந்தால் முடிவு உறுதியாகும். ஒன்றை மறக்கக் கூடாது: ஆரம்ப நிலையில் வலி இருக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது. சத்துக்குறைவு உள்ளவர்களிடம் எலும்பு வெளுப்பதற்குப் பதிலாக மெலிந்தும் தெரியலாம். நல்கொண்டா வட்டாரத்தில் முட்டி உள்நோக்கி வளைந்த இளைஞர்களிடம் 1970-களில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டது அதைத்தான். படம் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து நீரைச் சோதிக்காமல் விட்டுவிட முடியாது.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. படிந்ததை இறக்கும் மாத்திரையோ ஊசியோ கிடையாது. வலிக்கு நிவாரணம் தரலாம், தண்டுவடம் நசுங்கினால் அறுவை செய்து பார்க்கலாம், அதன் பலனும் அளவானதே. நீரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த டென்மார்க் தொழிலாளர்களே பதில். ஆலையை விட்டு எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்த்து 1983-இல் எழுதினார்கள். எலும்பின் வெண்மை கணிசமாகக் குறைந்திருந்தது. இடிப்பதும் கட்டுவதும் ஓயாததால் பழைய எலும்போடு ஃபுளோரைடும் மெல்ல வெளியேறியிருக்கிறது. தசைநாரில் முளைத்த எலும்பு மட்டும் அப்படியே இருந்தது. முப்பது வயதில் நீரை மாற்றுவதற்கும் ஐம்பதில் மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நீரை மாற்ற இரண்டு வழி. இருக்கும் நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்குவது ஒன்று, வேறு இடத்து நீரைக் கொண்டுவருவது மற்றொன்று. நீக்குவதில் புகழ்பெற்றது நாக்பூர் நீரி நிறுவனம் 1970-களில் உருவாக்கிய 'நல்கொண்டா முறை'. படிகாரமும் சுண்ணாம்பும் அளவாகச் சேர்த்து, முதலில் வேகமாகவும் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டால் ஃபுளோரைடின் பெரும்பகுதி அடி வண்டலோடு போய்விடும். பொருள் மலிவு. ஆனால் நீரின் தன்மைக்கு ஏற்பப் படிகார அளவை மாற்ற வேண்டும், வண்டலை ஒதுக்க இடம் வேண்டும், தினமும் ஒருவர் சலிக்காமல் செய்ய வேண்டும். அந்த ஒருவர் நின்றால் முறையும் நின்றுவிடும். அலுமினா நிரப்பிய வடிகட்டியும் அப்படித்தான். சில மாதங்களில் அதன் பிடிக்கும் சக்தி தீர்ந்துவிடும், காரமும் அமிலமும் விட்டுக் கழுவிப் புதுப்பிக்காவிட்டால் நீர் வெறுமனே உள்ளே போய் வெளியே வரும். குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆர்ஓ நீக்கும், கூடவே நிறைய நீரை வீணாக்கும், ஒதுக்கிய நீரில் ஃபுளோரைடு இன்னும் அடர்த்தியாக இருக்கும். மெழுகுவர்த்தி ஃபில்டர், புறஊதா விளக்கு இரண்டும் கிருமிக்குத்தான், ஃபுளோரைடை ஒன்றும் செய்யா. கொதிக்க வைத்தால் நீர் சுண்டி ஃபுளோரைடு கூடுமே தவிரக் குறையாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இரண்டாவது வழி கிடைத்தது. ஜப்பானிய நிதியுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நோயின் பெயரையே தன் பெயரில் வைத்துக்கொண்ட திட்டம் அது. பாறைக்குள் தேங்காத ஆற்று நீர் என்பதால் காவிரியில் ஃபுளோரைடு மிகக் குறைவு. என் பார்வையில் இந்த நோய்க்கு நிலைத்து நிற்கும் மருந்து இத்தகைய குழாய்தான்.

குழாய் வந்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது ஊர் நடுவே நிற்கும் மேல்நிலைத் தொட்டி. கோடையில் காவிரி நீர் போதாமல் போனால் பழைய போர்வெல் மோட்டாரைப் போட்டு அதே தொட்டியை நிரப்பிவிடத் தோன்றும். 30,000 லிட்டர் தொட்டியில் பாதி ஆற்று நீர், லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று கொள்வோம். மறுபாதி 4 மில்லிகிராம் உள்ள போர்வெல் நீர். கலந்தால் 2.15. குழாயில் வருவது 'ஒகேனக்கல் தண்ணி' என்ற நம்பிக்கையோடு ஊர் அதைக் குடிக்கும். கலவை 1 மில்லிகிராமைத் தாண்டாதிருக்க வேண்டுமானால் போர்வெல் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாக வேண்டும். இதைவிட எளிய தீர்வு, இரண்டையும் கலக்காமல் தனித்தனிக் குழாயில் விடுவதுதான். துவைக்க, குளிக்க, மாட்டைக் கழுவ போர்வெல் நீர் தாராளமாக உதவும், தோல் வழியாக ஃபுளோரைடு ஏறாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆற்று நீர். 'சமைக்க' என்பதை அழுத்திச் சொல்கிறேன். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிட்டு, களியையும் குழம்பையும் போர்வெல் நீரில் கிளறும் வீடுகளில் ஃபுளோரைடு தட்டு வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். சுண்டிய குழம்பில் நீர் ஆவியாகிவிடும், ஃபுளோரைடு ஆவியாகாது.

உணவு சிறிது கைகொடுக்கும். கேழ்வரகு, மோர், கீரையில் உள்ள கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத்தை வெளியே அனுப்பும். டீத்தூளில் தானாகவே ஃபுளோரைடு உண்டு என்பதால் கடுந்தேநீரைக் குறைப்பது நல்லது. ஆனால் நீரை மாற்றாமல் மோரை மட்டும் நம்பினால் நோய் தள்ளிப்போகும், நிற்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு தெரிய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் நீரைச் சோதிக்கலாம். ஊராட்சிகளில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தந்திருக்கும் களச் சோதனைப் பெட்டியிலும் ஃபுளோரைடுக்கான மருந்துப் புட்டி இருக்கிறது. செந்நிற மருந்தைச் சில துளி விட்டால், ஃபுளோரைடு கூடக்கூட நிறம் வெளிறி மஞ்சளாகும், அதை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். துல்லியம் போதாது, ஆனாலும் எந்தப் போர்வெல்லை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று அது காட்டிவிடும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. பக்கத்துப் பக்கத்துப் போர்வெல்லிலேயே அளவு மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக.

தேசிய ஃபுளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு 2008-09-இல் ஐந்து மாவட்டங்களில் தொடங்கியபோது, அவற்றில் நெல்லூரும் ஒன்று. முதல் கட்டுரை வெளிவந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நம் விவசாயி பிறந்தது, வளர்ந்தது, உழுதது, முதுகு இறுகியது எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். அவருடைய பேத்திக்கு இப்போது நான்கு வயது என்று வைத்துக்கொண்டால், அவளுடைய நிலைத்த முன்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அவள் வீட்டுக் குடத்தில் எந்த நீர் இருக்கிறது என்பதை நாலைந்து ஆண்டுகளில் அவள் சிரிக்கும்போது பார்த்துவிடலாம்.